கம்பிரசர் பிறஷர் சுவிச்: கட்-இன், கட்-அவுட் மாற்றுவதும் பொயின்ற் பார்ப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயர் கடை, பெயின்ற் அடிக்கும் கராச், மர வேலைத்தளம் என்று யாழ்ப்பாணத்தில் கம்பிரசர் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பவை சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்களின் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் 230 வோல்ட் ஒற்றை பேஸில் ஓடும் 2, 3 குதிரைவலு பெல்ற் கம்பிரசர்களை மனதில் வைத்து எழுதியது. மூன்று பேஸ் பற்றிக் கடைசிப் பக்கமாக ஒரு கேள்வி இருக்கிறது.

அண்ணை, பிறஷர் சுவிச்சும் ரெகுலேற்றரும் ஒண்டுதானே? எனக்குக் காத்து கூட வேணும், எதைத் திருப்ப?

ஒன்றில்லை. தாங்கிக்குள் காற்று எந்த அளவுக்கு இறங்கினால் மோட்டர் ஓடத் தொடங்கும், எந்த அளவுக்கு ஏறினால் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது பிறஷர் சுவிச். ஓடத் தொடங்கும் அளவு கட்-இன், நிற்கும் அளவு கட்-அவுட். தாங்கியில் இருந்து குழாய்க்குப் போகும் காற்றைக் குறைத்துக் கொடுப்பது ரெகுலேற்றர். தாங்கியில் 100 பிஎஸ்ஐ இருந்தாலும் பெயின்ற் கன்னுக்கு 40 மட்டும் போக விடுவது அதன் வேலை.

ஆகவே முதலில் ரெகுலேற்றரைப் பாருங்கள். தாங்கியின் கேஜ் 110 காட்ட, குழாய்ப் பக்கக் கேஜ் 60 காட்டினால், ரெகுலேற்றர் குமிழைத் திருப்பினாலே விஷயம் முடிந்தது. காற்றுக் காணாது என்று வருபவர்களில் பாதிப் பேருக்குச் சுவிச்சின் மூடியைக் கழற்றவே தேவை வருவதில்லை.

கட்-இன், கட்-அவுட் எவ்வளவில இருக்கிறது சரி?

எல்லாருக்கும் பொதுவான ஒரு எண் கிடையாது. 8 பார் என்று தகட்டில் அடித்து வரும் சின்னக் கம்பிரசர்கள் வழக்கமாக 85 அல்லது 90-இல் தொடங்கி 115 பிஎஸ்ஐ அளவில் நிற்கும்படி வரும். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, ஆகவே 8 பார் 116. இரண்டுக்கும் நடுவில் 25 முதல் 35 பிஎஸ்ஐ இடைவெளி இருப்பது வழமை.

உங்கள் எல்லையைச் சொல்வது மூன்று இடங்கள்: தாங்கியில் ஒட்டிய தகட்டில் இருக்கும் உச்ச வேலை அழுத்தம், பம்பின் உச்ச அழுத்தம், சேப்ரி வால்வில் பொறித்திருக்கும் எண். மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் கூரை. கம்பனி வைத்ததைவிட நீங்கள் கூட்டுவதென்றால், கட்-அவுட் அந்தக் கூரைக்குக் குறைந்தது 10 சதவீதம் கீழே நிற்க வேண்டும். தகடு பெயின்றுக்குள் புதைந்து வாசிக்க முடியாத தாங்கியென்றால் கம்பனி வைத்த அளவுக்கு மேலே ஒரு புள்ளியும் கூட்ட வேண்டாம்.

இப்ப எத்தினையில தொடங்கி எத்தினையில நிக்குதெண்டு எப்பிடிப் பார்க்கிறது?

கம்பிரசரை ஓட விட்டு அது தானாக நிற்கும் அந்தக் கணத்தில் கேஜைப் பாருங்கள். அது கட்-அவுட். பிறகு தாங்கியின் அடியில் இருக்கும் தண்ணி திறப்பை மெல்லத் திறந்து, மோட்டர் திரும்ப ஓடும் கணத்தில் கேஜைப் பாருங்கள். அது கட்-இன். மெல்ல என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. காற்றை ஒரேயடியாக விட்டால் கேஜ் முள் சட்டென்று இறங்கிவிடும், சுவிச் 85-இல் அடித்திருக்க நீங்கள் 75 என்று எழுதுவீர்கள். இதையே இரண்டு மூன்று தரம் செய்து, இரண்டு எண்களையும் மார்க்கரால் சுவிச் மூடியின் உட்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கேஜையும் ஒருக்கால் சந்தேகப்படுங்கள். ஆட்டத்தில் கிடந்து முள் சுழன்றுபோன கேஜ்கள் ஏராளம். தாங்கியில் காற்றே இல்லாதபோது முள் பூச்சியத்தில் நிற்கிறதா? நல்ல ரயர் கேஜ் ஒன்றைக் குழாய் முனையில் பிடித்தால் (ரெகுலேற்றரை முழுக்கத் திறந்துவிட்டு) அதே எண் வருகிறதா? கேஜ் 15 பிஎஸ்ஐ குறைத்துக் காட்டினால், நீங்கள் 130 என்று வைப்பது உண்மையில் 145.

மூடியைக் கழற்றினால் ரெண்டு ஸ்பிறிங் தெரியுது. எதை எந்தப் பக்கம் திருப்ப?

கழற்ற முன் பிளக்கைக் கழற்றி எடுங்கள். சுவிச்சை நிறுத்தினால் போதும் என்று நினைக்க வேண்டாம், பிளக் கையில் இருக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் முன்னால் தெரியும் திருகுகளில் 230 வோல்ட் நேராக நிற்கும். அவை கையில் படாமல் ஸ்பனர் போடவே முடியாத சுவிச்சுகளும் உண்டு.

பெரிய ஸ்பிறிங்கின் நட்டை வலப்பக்கம் இறுக்கினால் கட்-இன், கட்-அவுட் இரண்டும் சேர்ந்து ஏறும். இடப்பக்கம் தளர்த்தினால் இரண்டும் சேர்ந்து இறங்கும். சின்ன ஸ்பிறிங் இடைவெளியை மாற்றுவது. அதில்தான் ஆட்கள் தடுமாறுவார்கள், ஏனென்றால் சுவிச்சுக்குச் சுவிச் வித்தியாசம். சில சுவிச்சில் சின்ன நட்டை இறுக்கினால் கட்-அவுட் மட்டும் ஏறும், கட்-இன் அசையாது. சிலதில் கட்-அவுட் நின்ற இடத்தில் நிற்க, கட்-இன் இறங்கும். உங்களுடையது எந்த வகை என்று மூடியின் உட்பக்கப் படம் சொல்லும். படம் இல்லையென்றால் அரைச் சுற்று திருப்பி அளந்து பார்ப்பதுதான் வழி.

திருப்பும் முன் நட்டில் இருந்து ஸ்பிறிங் தட்டு வரை மார்க்கரால் ஒரு கோடு கீறி வையுங்கள். பழைய இடத்துக்குத் திரும்பி வர அது ஒன்றுதான் வழிகாட்டி. தாங்கியில் பாதியளவு காற்று இருக்கும்போது திருப்புவது நல்லது. அழுத்தமே இல்லாதபோது ஸ்பிறிங்கை இறுக்கினால் சில சுவிச்சுகளில் உள்ளே இருக்கும் நெம்பு தட்டு வளையும். ஒவ்வொரு தரமும் திருப்பியபின் மூடியைப் போட்டு, பிறகு பிளக்கைக் குத்தி, மேலே சொன்னபடி இரண்டு எண்களையும் அளக்க வேண்டும். மூடி திறந்தபடி ஓட விட்டு ஸ்பனரால் திருப்பும் பழக்கத்தை ஊரில் நிறையக் காண்கிறேன். ஸ்பனர் ஒருக்கால் வழுக்கினால் போதும்.

என்ரையில ஒரு ஸ்பிறிங்தான் இருக்கு. சின்ன ஸ்பிறிங்கை ஆரோ கழற்றிப் போட்டாங்களோ?

இல்லை, அப்படியே வருவதுதான். 24, 50 லீற்றர் தாங்கியோடு வரும் நேரடி மோட்டர்க் கம்பிரசர்களில் பெரும்பாலும் ஒரே ஒரு திருகு அல்லது நட்தான். இடைவெளி கம்பனியில் வைத்தபடி, 2 பார் அளவில் நிலையாக இருக்கும். கட்-அவுட்டை 10 கூட்டினால் கட்-இன்னும் கிட்டத்தட்ட 10 கூடும். இடைவெளியை மாற்றத்தான் வேண்டுமென்றால் இரண்டு ஸ்பிறிங் உள்ள சுவிச் வாங்கிப் போட வேண்டும். இருக்கிற சுவிச்சில் வாஷர் வைத்துச் சரிக்கட்டுவது கூடாத வேலை.

எங்கட ரயர் கடையில பஸ் ரயருக்கு 100க்கு மேல ஏறுதில்லை. கம்பிரசர் ஓடாமல் சும்மா நிக்குது. என்ன பிழை?

பிழை எதுவும் இல்லை. கட்-இன் உங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். தாங்கி 115-இல் நின்றிருக்க நீங்கள் ரயரை ஊதத் தொடங்குகிறீர்கள். காற்று போகப் போகத் தாங்கி 100-க்கு வரும், ரயரும் 100-க்கு வரும், இரண்டும் சமமாகிவிடும். கட்-இன் 85 என்பதால் மோட்டர் எழும்பாது. பெடியன் குழாயைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நிற்பான். சிலர் தண்ணி திறப்பைத் திறந்து காற்றை வீணாக வெளியே விட்டு மோட்டரை எழுப்புவார்கள், அதையும் கண்டிருக்கிறேன்.

கொக்குவில் பக்கம் ஒரு கடையில் இதே கதை. 100 லீற்றர் தாங்கி, 2 குதிரைவலு. தாங்கித் தகடு, பம்புத் தகடு, சேப்ரி வால்வ் மூன்றிலும் 10 பார், அதாவது 145 பிஎஸ்ஐ. ஆகவே கட்-அவுட் 130 வரை போக இடமிருந்தது. அளந்ததில் பழைய செற்றிங் 85/115. கட்-இன் 105-க்குக் கிட்ட வர வேண்டும். பெரிய நட்டை ஒரு சுற்று இறுக்கியதும் 98/128 வந்தது. ஆகவே அந்தச் சுவிச்சில் ஒரு சுற்று 13 பிஎஸ்ஐ. இன்னொரு அரைச் சுற்று கொடுத்ததும் 104/134. கட்-இன் சரி, கட்-அவுட் கொஞ்சம் கூடிவிட்டது. அந்தச் சுவிச்சில் சின்ன நட் கட்-அவுட்டை மட்டும் அசைக்கும் வகை. அதைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி 104/130-இல் நிறுத்தினோம்.

அதோடு வேலை முடியவில்லை. அழுத்தம் கூடினால் மோட்டர் இழுக்கும் அம்பியரும் கூடும். நிற்பதற்குச் சற்று முன், அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது, கிளாம்ப் மீற்றரை ஒற்றை வயரில் போட்டுப் பார்க்க வேண்டும். மோட்டர்த் தகட்டில் 9.6 அம்பியர். 115-இல் 8.9 இழுத்தது 130-இல் 9.5 இழுத்தது. எல்லைக்குள்தான், ஆனால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பின்னேரம் வோல்ற்றேஜ் இறங்கும் நேரத்தில் அம்பியர் இன்னும் ஏறும் என்பதால் அந்த நேரத்திலும் ஒருக்கால் அளக்கச் சொன்னேன். தகட்டைத் தாண்டியிருந்தால் கட்-அவுட்டைக் குறைத்திருப்போம், அல்லது பம்பின் வேகம் குறையும்படி மோட்டர்ப் புலியை ஒரு அளவு சின்னதாக மாற்றியிருப்போம்.

பக்கத்துக் கடையில 150 வைச்சு ஓட்டுறாங்கள். எங்கட 8 பார் மெஷினையும் கூட்டினால் என்ன?

பக்கத்துக் கடையில் இருப்பது இரண்டு கட்டப் பம்பாக இருக்கும். ஒரு பெரிய சிலிண்டர், ஒரு சின்னச் சிலிண்டர், நடுவில் குளிர்விக்கும் குழாய். பெரிய சிலிண்டர் அழுத்திய காற்றைக் குளிர்வித்துச் சின்னதுக்குக் கொடுப்பதால் அது 12 பார் வரை தாங்கும். உங்களுடையதில் சிலிண்டர்கள் ஒரே அளவில் இருந்தால் அது ஒற்றைக் கட்டம். ஒரே அடியில் அவ்வளவுக்கு அழுத்தும்போது தலைப்பக்கச் சூடு ஏறி, எண்ணெய் கருகி வால்வுத் தகட்டில் கரி பிடிக்கும்.

தாங்கி பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உள்ளே தண்ணி நின்று அடித்தகடு அரித்துக்கொண்டே போவது வெளியில் தெரியாது. சேப்ரி வால்வ் இடையிடையே பீச்சுகிறது என்று அதை இறுக்குவதோ, அந்த இடத்தில் பிளக் அடிப்பதோ ஒருபோதும் செய்யக் கூடாது. வால்வ் திறந்தால் ஒன்றில் கட்-அவுட் அதற்குக் கிட்டப் போய்விட்டது, அல்லது சுவிச் நிற்பாட்டவில்லை. இரண்டாவதுக்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

கட்-இன்னையும் கட்-அவுட்டையும் கிட்டக் கிட்ட வைச்சால் காத்து எப்பவும் ஒரே அளவில நிக்குமே. ஏன் வேண்டாமெண்டுறியள்?

மோட்டரும், சுவிச்சுக்குள் கரண்டைச் சேர்த்து வெட்டும் பொயின்றும் தாங்காது. கணக்குப் பார்ப்போம். 100 லீற்றர் தாங்கியில் 30 பிஎஸ்ஐ இடைவெளி என்றால் நடுவில் கிட்டத்தட்ட 207 லீற்றர் வெளிக்காற்று அடங்குகிறது. பம்ப் நிமிடத்துக்கு 150 லீற்றர் தருகிறது, நீங்கள் 75 லீற்றர் பாவிக்கிறீர்கள் என்று வையுங்கள். தாங்கி இறங்க இரண்டே முக்கால் நிமிடம், ஏற இரண்டே முக்கால் நிமிடம். மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 11 தரம் மோட்டர் ஸ்ராட் ஆகும். அதே வேலையை 10 பிஎஸ்ஐ இடைவெளியில் செய்தால் 33 தரம்.

ஒவ்வொரு ஸ்ராட்டிலும் மோட்டர் ஓடும் கரண்டைப் போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். 10 அம்பியர் மோட்டர் 50, 60 அம்பியரை ஒரு கணம் பொயின்றுக்குள்ளால் இழுக்கும். பொயின்ற் கருகுவதும், ஸ்ராட் கப்பாசிற்றர் வீங்குவதும் அதனால்தான். ஒற்றை பேஸ் மோட்டருக்கு மணித்தியாலத்துக்குப் பத்துத் தரம் அளவில் நிறுத்தப் பார்ப்பேன். இடைவெளியை 20-க்குக் கீழே கொண்டுவர மாட்டேன். குழாய் முனையில் காற்று ஒரே அளவில் வேண்டுமென்றால் அதற்குத்தான் ரெகுலேற்றர்.

நிக்கேக்க 'புஸ்' எண்டு ஒரு சத்தம் வருது. லீக்கோ?

அது வரத்தான் வேண்டும். பம்புக்கும் தாங்கிக்கும் நடுவில் உள்ள குழாயில் மிஞ்சிய காற்றை, சுவிச்சின் பக்கத்தில் இருக்கும் சின்ன அன்லோடர் வால்வ் வெளியே விடுகிறது. இரண்டு மூன்று விநாடியில் சத்தம் நின்றுவிடும். அந்தக் காற்று வெளியேறினால்தான் அடுத்த முறை மோட்டர் பாரமில்லாமல் எழும்பும். சத்தம் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். மோட்டர் முனகும், றிப் சுவிச் விழும், பொயின்ற் உருகும்.

மோட்டர் நின்ற பிறகும் சத்தம் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் பிழை சுவிச்சில் இல்லை. தாங்கியின் வாயில் உள்ள செக் வால்வ் பிடிக்காமல் தாங்கிக் காற்றே திரும்பி வருகிறது. தாங்கியை முழுக்க வெறுமையாக்கி, அதைக் கழற்றி, உள்ளே இருக்கும் றப்பர்த் தட்டையும் அது குந்தும் இடத்தையும் துடைத்துப் பாருங்கள். மோட்டர் ஓடும்போது அன்லோடரால் காற்று போனால், அன்லோடரே இறுக்கமாக மூடவில்லை.

பொயின்ற் நல்லா இருக்கோ எண்டு எப்பிடிப் பார்க்கிறது?

பிளக்கைக் கழற்றுங்கள், தாங்கிக் காற்றை முழுக்க விடுங்கள், மூடியைத் திறவுங்கள், ரெஸ்ரரால் கரண்ட் இல்லை என்று உறுதிப்படுத்துங்கள். மோட்டரின் கப்பாசிற்றரில் கை வைக்க வேண்டாம், அது சார்ஜ் பிடித்து வைத்திருக்கும். வயர்களைத் தொடும் முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

முதலில் கண்ணால் பாருங்கள். பொயின்றுகள் அசையும் பாலம் ஒன்றின் இரு முனையிலும் இருக்கும் வெள்ளிக் கலப்புப் பொட்டுகள். மேலே கறுப்புப் பிடித்திருப்பது சாதாரணம், அது வெட்டுப் பொறியின் கறை. பார்க்க வேண்டியது வேறு: பொட்டில் குழி விழுந்திருக்கிறதா, ஒரு பக்கம் கரைந்து எதிர்ப்பக்கத்தில் மேடு கட்டியிருக்கிறதா, பொட்டே தேய்ந்து அடியில் செம்போ பித்தளையோ தெரிகிறதா, பக்கத்துப் பிளாஸ்ரிக் பழுப்பாகி உருகியிருக்கிறதா. பிளாஸ்ரிக் உருகியிருந்தால் அங்கே நீண்ட நாளாகச் சூடு நின்றிருக்கிறது என்று அர்த்தம். வயர் திருகுகளையும் ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள், பல இடங்களில் கருகியது பொயின்ற் அல்ல, தளர்ந்த திருகு.

பிறகு மீற்றர். தாங்கி வெறுமையாக இருந்தால் அழுத்தம் கட்-இன்னுக்குக் கீழே, ஆகவே குமிழ் ஓட்டோவில் இருக்கும்போது பொயின்ற்கள் மூடியிருக்க வேண்டும். லைன் பக்கத் திருகில் ஒரு கம்பியும் அதற்கு நேரான மோட்டர்ப் பக்கத் திருகில் மற்றக் கம்பியும் வைத்து ஓம் பாருங்கள். முதலில் மீற்றர்க் கம்பிகள் இரண்டையும் ஒன்றாகத் தொட்டு அவற்றின் சொந்த ஓமைக் கழிக்க வேண்டும், அதுவே 0.2, 0.3 காட்டும். கழித்த பிறகு பூச்சியத்தை ஒட்டி வர வேண்டும். இரண்டு பாதையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். குமிழை ஓஃபில் போட்டால் இரண்டும் துண்டிக்கப்பட வேண்டும்.

மீற்றரில 'பீப்' வடிவா வருது, ஆனா மோட்டர் முனகுது. அப்ப பொயின்ற் நல்லம்தானே?

'பீப்' ஒன்றையும் நிரூபிக்காது. மீற்றர் அனுப்புவது மிகச் சின்னக் கரண்ட், மோட்டர் கேட்பது 10 அம்பியர். பாதி கரைந்த பொயின்றும் மீற்றருக்கு நல்ல பொயின்றாகத் தெரியும். உண்மையான சோதனை, மோட்டர் ஓடும்போது மூடிய பொயின்றின் இரு பக்கமும் உள்ள வோல்ற்றேஜை அளப்பது. நல்லதென்றால் 0.1, 0.2 வோல்ட்டுக்குள் வரும். அரை வோல்ட்டைத் தாண்டினால் சுவிச் மாற்ற நேரம் வந்துவிட்டது. 1 வோல்ட் என்றால் 10 அம்பியரில் 10 வாட் சூடு அந்தச் சின்னப் பொட்டில் இறங்குகிறது. இது கரண்ட் இருக்கும்போது செய்யும் வேலை. பிளக் கழற்றியிருக்கும்போதே மீற்றர்க் கிளிப்புகளை மாட்டி, கையை எடுத்த பிறகு கரண்ட் கொடுக்கத் தெரிந்த எலக்ரீசியனிடம் விடுங்கள்.

முனகலுக்குப் பொயின்ற் மட்டும் காரணமில்லை. அன்லோடர் பற்றி மேலே சொன்னதைப் பாருங்கள். அதைவிட்டால் எக்ஸ்ரென்சன் வயர். 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் 30 மீற்றர் நீளத்தில், போக வர இரண்டு கோரையும் சேர்த்தால் 0.7 ஓமுக்குச் சற்று மேல். ஓடும்போது 7 வோல்ட்தான் இழக்கும், யாருக்கும் தெரியாது. ஆனால் ஸ்ராட் ஆகும்போது 50 அம்பியரில் 36 வோல்ட் வயரிலேயே போய்விடும். 230 கிடைக்க வேண்டிய மோட்டருக்கு 194. அது மெல்ல மெல்ல எழும்ப, அவ்வளவு நேரமும் ஸ்ராட் கரண்ட் பொயின்றுக்குள்ளால் ஓடும். கம்பிரசரைச் சுவர்ப் பிளக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்து, காற்றுக் குழாயை நீட்டுங்கள்.

சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்ச்சு விட்டால் காணாதோ?

காணாது, அதோடு கேடும். பொட்டின் மேல் இருக்கும் வெள்ளிக் கலப்பு மெல்லிய படை. தேய்த்தால் அது போகும், மண் துகள் மென்மையான வெள்ளிக்குள் பதிந்து தொடுகையைக் கெடுக்கும். தடித்த வெள்ளைக் கடதாசித் துண்டில் கொன்டாக்ட் கிளீனர் தெளித்து, பொயின்றுகளுக்கு நடுவில் வைத்து, பாலத்தை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு இழுங்கள். கறுப்பு கடதாசியில் வரும். சுத்தமான துண்டில் கறை வராத வரைக்கும் செய்தால் போதும், கிளீனர் முழுக்கக் காய்ந்த பிறகு மூடியைப் போடுங்கள். குழி விழுந்த பொயின்றை இது காப்பாற்றாது. கிறீஸ், எண்ணெய் எதுவும் பொயின்றில் பூசக் கூடாது.

கட்-அவுட் தாண்டியும் மோட்டர் நிக்குதில்லை. சேப்ரி வால்வ் கத்துது!

உடனே பிளக்கை இழுங்கள், அல்லது மெயினை நிறுத்துங்கள். குமிழை ஓஃபில் போட்டும் நிற்காவிட்டால் பொயின்ற் ஒட்டிக்கொண்டது உறுதி. மூடியில் சுத்தியலால் தட்டினால் விட்டுவிடும், திரும்பவும் நாலு நாளில் ஒட்டும். ஒரு தரம் ஒட்டிய பொயின்றின் மேற்பரப்பு கரடுமுரடாகிவிட்டது, அந்தச் சுவிச்சைப் பாவிக்க வேண்டாம். ஏன் ஒட்டியது என்றும் பார்க்க வேண்டும்: அன்லோடர், குறைந்த இடைவெளி, மெல்லிய வயர், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

ஓஃபில் போட்டதும் நின்றது, ஓட்டோவில்தான் நிற்கவில்லை என்றால் பொயின்ற் நல்லது, அழுத்தம் சுவிச்சுக்குப் போகவில்லை. தாங்கியில் இருந்து சுவிச்சுக்கு ஏறும் சின்ன ஓட்டையில் துருவும் எண்ணெய்க் கசடும் அடைத்திருக்கும். தாங்கியை வெறுமையாக்கிச் சுவிச்சைக் கழற்றி, மெல்லிய கம்பியால் அந்த வழியைத் தெளிய வையுங்கள். சுவிச்சின் றப்பர்ச் சவ்வைக் குத்திவிட வேண்டாம்.

தொடங்கேக்க படபடவெண்டு அடிச்சு அடிச்சு ஓடுது.

கட்-இன் அளவில் நின்று பொயின்ற் ஒட்டவும் விடவும் தடுமாறுகிறது. பாரமான காற்று வேலை நடக்கும்போது தாங்கி அழுத்தம் துடித்தால், அல்லது சின்ன ஸ்பிறிங்கைத் தளர்த்தித் தளர்த்தி இடைவெளியே இல்லாமல் செய்திருந்தால் இப்படி வரும். சவ்வு ஓட்டையானாலும் வரும். அப்படியென்றால் சுவிச்சின் அடியில் சோப்புத் தண்ணி பூசினால் குமிழி எழும். படபடக்கும் சுவிச்சை ஒரு கிழமை விட்டால் பொயின்ற் முடிந்துவிடும், ஆகவே இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

திறந்து பார்த்தால் உள்ளுக்கு முழுக்கச் சிற்றெறும்பு. இதுவும் ஒரு காரணமோ?

காரணம்தான், நம்மூரில் சாதாரணமாகக் காண்பது. பொயின்றுக்கு நடுவில் நசிந்த எறும்பு கரிந்து கரண்டை மறிக்கும் படையாகிவிடும். மோட்டர் ஒரு நாள் எழும்பும், ஒரு நாள் எழும்பாது. மேலே சொன்ன கடதாசி முறையில் துடைத்து, வயர் நுழையும் ஓட்டையில் றப்பர் வளையமோ சரியான கிளாண்டோ போட்டு இறுக்குங்கள். சுவிச்சுக்குள் பூச்சி மருந்து அடிக்க வேண்டாம், சில மருந்துகளால் பிளாஸ்ரிக்கில் வெடிப்பு விழும்.

குருநகர், பாசையூர், பருத்தித்துறைக் கரையோரம் வைத்திருப்பவர்களுக்கு எறும்பைவிட உப்புக் காற்றுதான் எதிரி. வயர்த் திருகுகள் பச்சை பிடிக்கும். கம்பி நுனியை வெட்டிப் புதிதாக உரித்துப் போட்டு இறுக்க வேண்டும், பச்சை பிடித்த கம்பியை அப்படியே இறுக்கினால் சூடேறும்.

மூண்டு பேஸ் கம்பிரசர். அதே மாதிரித்தானே?

ஸ்பிறிங், நட், அளக்கும் முறை எல்லாம் அதே. பொயின்றில்தான் வித்தியாசம். சின்ன மூன்று பேஸ் மோட்டருக்குச் சுவிச்சே மூன்று வரியையும் வெட்டும். அதில் ஒரு பொயின்ற் மட்டும் கருகினால் மோட்டர் இரண்டு வரியில் முனகிக் கருகிவிடும், ஆகவே ஓவர்லோட் றிலே இல்லாமல் ஓட்டக் கூடாது. மூன்று பாதையின் ஓமும் ஒன்றுபோல வருகிறதா என்று பாருங்கள். பெரிய மோட்டருக்குக் கரண்டைப் போட்டு வெட்டுவது கொன்ராக்டர் என்ற காந்தச் சுவிச், பிறஷர் சுவிச் அதன் கம்பிச் சுருளை மட்டும் போடும், நிறுத்தும். சுருளின் கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுவிச்சின் பொயின்ற் நீண்ட காலம் கிடக்கும், தேய்வது கொன்ராக்டரின் பொயின்ற். அங்கே திறந்து பார்க்க வேண்டியது அதைத்தான். ஒற்றை பேஸில் 3 குதிரைவலு மோட்டர் வைத்து அடிக்கடி சுவிச் மாற்றுபவர்களும் நடுவில் ஒரு கொன்ராக்டர் போட்டால் அந்தச் செலவு நின்றுவிடும்.

புதுச் சுவிச் வாங்கேக்க கடையில என்ன சொல்லிக் கேக்க?

பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். ஒற்றை பேஸா மூன்று பேஸா, 230 வோல்ட்டில் எத்தனை அம்பியர் அல்லது குதிரைவலு, அடியில் கால் இஞ்சி மரையா எட்டில் மூன்று இஞ்சி மரையா, ஒரு வாயா நாலு வாயா, அன்லோடர் சேர்ந்ததா என்று பாருங்கள். சுவிச்சில் எழுதியிருக்கும் அழுத்த வீச்சுக்குள் உங்கள் கட்-அவுட் நடுவில் விழ வேண்டும். 12 பார் வரை போகும் சுவிச் 8 பார் தாங்கிக்குப் பொருந்தும், ஆனால் பெட்டிக்குள் இருந்து வரும் செற்றிங் உங்களுக்கானதில்லை. பூட்டியவுடன் பக்கத்தில் நின்று, கேஜைப் பார்த்தபடி, பிளக்கில் கை வைத்தபடி முதல் தரம் ஓட விடுங்கள். உங்கள் கட்-அவுட் அளவைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால் பிளக்கை இழுத்துவிட்டு, பெரிய நட்டைத் தளர்த்திக்கொண்டு திரும்ப அளக்கத் தொடங்க வேண்டியதுதான்.